எதை விட எது?

‘தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் கங்கைகொண்ட சோழபுரத்தை விட உயரமானது.’

தஞ்சையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, ஆண்டுதோறும் மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் இந்த வாக்கியம் ஏதேனும் ஒரு வடிவில் வந்து சேர்ந்துவிடும். எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை, எழுவாயும் பயனிலையும் ஒழுங்காகப் பொருந்தியிருக்கின்றன. செய்தியும் உண்மைதான்: தஞ்சை விமானம் ஏறத்தாழ 60 மீட்டர், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஏறத்தாழ 53 மீட்டர். ஆயினும் வாக்கியம் சொல்வது அதையன்று. ஒரு பக்கத்தில் விமானம் நிற்கிறது. மறுபக்கத்தில் ஓர் ஊர் நிற்கிறது. ஊருக்கு உயரம் ஏது? கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால் அதற்கும் ஓர் உயரம் உண்டு என்று குறும்புக்காரன் ஒருவன் வாதிடலாம். மாணவன் நினைத்தது அதுவல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரிகிறதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த வாக்கியத்துக்குச் சிவப்பு மையைச் செலவிட வேண்டியதில்லை என்று கூட ஒப்புக்கொள்வேன். ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ‘தஞ்சைக் கோயிலின் விமானம் திருவரங்கத்தை விட உயரமானது.’ இது மெய்யா, பொய்யா? திருவரங்கத்து விமானத்தோடு ஒப்பிட்டால் மெய். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட திருவரங்கத்து இராசகோபுரத்தோடு ஒப்பிட்டால் பொய். அது ஏறத்தாழ 72 மீட்டர். தஞ்சையில் விமானம் ஓங்கிக் கோபுரம் தாழ்ந்து நிற்கிறது. திருவரங்கத்தில் கோபுரம் ஓங்கி விமானம் தாழ்ந்து நிற்கிறது. ‘திருவரங்கத்தை’ என்று எழுதியவர் எதை நினைத்தார் என்பதை வாக்கியத்துக்குள் தேடிப் பயனில்லை. முதல் வாக்கியத்தில் நம் பொது அறிவு இட்டு நிரப்பிய இடைவெளியை, இரண்டாவதில் அதே பொது அறிவு இரண்டு விதமாக நிரப்புகிறது. ஒன்று சரி, மற்றது தவறு.

ஆங்கில இலக்கணம் கற்பிப்போர் இதைப் பொருந்தா ஒப்பீடு என்று தனியே எடுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரு நகரத்தின் மக்கள்தொகையை மற்ற நகரங்களோடு ஒப்பிடாதே, மற்ற நகரங்களின் மக்கள்தொகையோடு ஒப்பிடு என்பது அவர்கள் பாடம். ‘இன்னதனுடையதை விட’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அவர்கள் மொழியில் வாக்கியம் நேராகிவிடுகிறது. நம் பள்ளித் தமிழ் இலக்கணத்தில் இதற்கென்று தனிப்பாடம் இல்லை. ஆகையால் இது ஆங்கிலத்தின் கவலை, தமிழுக்கு வேண்டாத வம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் துறையிலேயே மூத்த நண்பர் ஒருவர் அப்படித்தான் நினைக்கிறார். அவரோடு பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கிலிருந்துதான் இங்கே நான் சொல்லப்போகும் பலவும் எனக்குத் தெளிவாயின.

முதலில் நம் இலக்கணம் ஒப்பீட்டை எங்கே வைத்திருக்கிறது என்று பார்ப்போம். ஐந்தாம் வேற்றுமையில் வைத்திருக்கிறது. தொல்காப்பியர் ‘இன்’ உருபுக்குரிய பொருளைச் சொல்லும்போது, இதைக் காட்டிலும் இது இத்தன்மையது என்று உணர்த்துவதையே அதன் முதன்மையான வேலையாகக் காட்டுகிறார். அத்தோடு நிற்காமல், எந்தெந்தத் தன்மைகளில் ஒப்பிடலாம் என்று நீண்ட பட்டியலும் தருகிறார்: நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெம்மை, சிறுமை, பெருமை, வன்மை, மென்மை, முதுமை, இளமை என அது போகிறது. உரையாசிரியர்கள் இந்தப் பொருவுதலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று மற்றொன்றை விஞ்சுவது உறழ்பொரு. ஒன்று மற்றொன்றை ஒத்திருப்பது உவமப்பொரு. உறழ்பொருவுக்கு அவர்கள் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டில் காக்கை ஒருபுறம், களாம்பழம் மறுபுறம். காக்கையைக் காட்டிலும் பழம் கரியது என்பது கருத்து.

இந்த எடுத்துக்காட்டின் எளிமையைக் கவனிக்க வேண்டும். ஒப்பிடும் பொருள் இரண்டு, பொதுத்தன்மை ஒன்று. கருமை காக்கையின் மேலும் நேரே இருக்கிறது, பழத்தின் மேலும் நேரே இருக்கிறது. இடையில் மூன்றாவதாக எதுவும் இல்லை. தொல்காப்பியர் பட்டியலிலுள்ள தன்மைகள் பெரும்பாலும் இவ்வாறே பொருளின் மேல் ஒட்டி நிற்பவை. சிக்கல் எப்போது வருகிறது என்றால், நாம் ஒப்பிடுவது பொருளை அன்றிப் பொருளுக்கு உரிமையான இன்னொன்றை ஆகும்போதுதான். காக்கையின் சிறகைப் பழத்தோடு ஒப்பிட எவரும் துணியமாட்டார்கள். ஆனால் தஞ்சையின் விளைச்சலை நாகையோடு ஒப்பிடுகிறோம். கோயிலின் விமானத்தை ஊரோடு ஒப்பிடுகிறோம். மாநிலத்தின் பங்கை மாநிலத்தோடு ஒப்பிடுகிறோம். விளைச்சல், மக்கள்தொகை, நீர்மட்டம், பங்கு, வருமானம் என்று உடைமைகளை ஒப்பிடும் பழக்கம் கணக்கும் புள்ளிவிவரமும் உரைநடைக்குள் வந்த காலத்தில் பெருகியது. அந்தச் சுமை ‘விட’ என்னும் சிறு சொல்லின் தலையில் ஏறிக்கொண்டது.

‘விட’ என்பது என்ன? விடு என்னும் வினையின் செயவென் எச்சம். ‘நாகையை விட’ என்றால் சொல்லளவில் நாகையை விட்டுவிட, நாகையை ஒதுக்கிவைக்க என்று பொருள். வினையாகப் பிறந்ததால் அது இரண்டாம் வேற்றுமையைத்தான் கேட்கும். ‘ஐ’ இல்லாமல் பெரும்பாலும் அதன் பக்கத்தில் ஒரு பெயர் நிற்க முடியாது. ‘காட்டிலும்’, ‘பார்க்கிலும்’ ஆகியவற்றின் கதையும் இதுவே. காட்டு, பார் என்னும் வினைகளிலிருந்து வந்தவை, அவையும் ‘ஐ’ கேட்பவை. தமிழில் பொருந்தா ஒப்பீடு பிறக்கும் இடம் இதுதான் என்பது என் துணிபு.

கீழ்க்கண்ட மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

தஞ்சையின் விளைச்சல் நாகையை விட அதிகம்.
தஞ்சையில் மழை நாகையை விடக் குறைவு.
தஞ்சைக்குத் தண்ணீர் நாகையை விட முன்னதாக வரும்.

முதல் வாக்கியத்தில் தஞ்சை ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது, இரண்டாவதில் ஏழாவதில், மூன்றாவதில் நான்காவதில். நாகையோ மூன்றிலும் ஒரே கோலத்தில், ‘ஐ’ உருபோடு நிற்கிறது. உண்மையில் அது ஒவ்வொன்றிலும் தஞ்சைக்கு இணையான வேற்றுமையில் நின்றிருக்க வேண்டும்: நாகையின், நாகையில், நாகைக்கு. ‘விட’ வந்து அந்த உருபுகளை விழுங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ‘ஐ’யை மாட்டிவிட்டது. ஒப்பீட்டின் இரு தட்டுகளில் ஒரு தட்டுக்கு அடையாளம் இருக்கிறது, மறு தட்டின் அடையாளம் அழிந்துபோயிற்று. படிப்பவர் அதை ஊகித்துக்கொள்ள வேண்டும்.

எனவே தமிழில் இதைத் திருத்துவது என்றால், விழுங்கப்பட்ட உருபை மீட்டுக்கொண்டு வருவதே ஆகும். அதற்கு நம்மிடம் ஆங்கிலத்தை விட வசதியான கருவி இருக்கிறது. (இந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆங்கிலத்திடம் இருப்பதை விட’ என்றால்தான் நிறைவு; இல்லையேல் ஆங்கிலமே ஒரு கருவியாகிவிடும்.) அந்தக் கருவி வினையாலணையும் பெயரும் அதைச் சார்ந்த வடிவங்களும். ‘நாகையில் பெய்வதை விட’, ‘நாகைக்கு வருவதை விட’, ‘நாகையில் விளைவதை விட’ என்று சொன்னால் போதும். முன்னாலுள்ள உருபு அப்படியே நிற்கும். ‘விட’ கேட்கும் ‘ஐ’ வினையிலிருந்து பிறந்த பெயரின் மேல் போய் உட்காரும். இரண்டுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. ‘நாகையுடையதை விட’, ‘நாகையினதை விட’ என்பது. ஆங்கிலப் பாடத்தின் நேர்த் திருத்தத்துக்கு இணையானது இதுவே. இது பிழையன்று. ‘இது சாத்தனது’ என்று உரிமையைப் பெயராக்கிச் சொல்வது நம் மொழிக்குப் பழக்கமானதுதான். ஆனால் இதில் இரண்டு சங்கடங்கள் உள்ளன. ஒன்று எண். ‘அது’ ஒருமைக்குரிய உருபு. பன்மைக்கு ‘அ’ என்று நன்னூல் பிரிக்கும். ஆகையால் ‘பெரிய கோயிலின் விமானம் மற்றக் கோயில்களுடையதை விட உயரமானது’ என்று எழுதினால், எல்லாக் கோயில்களுக்கும் சேர்த்து ஒரே விமானம் இருப்பதுபோல் ஆகிறது. ‘மற்றக் கோயில்களுடையவற்றை விட’ என்று எழுத வேண்டும். இரண்டாவது சங்கடம் செவி. ‘இந்நகரத்தின் மக்கள்தொகை மற்ற நகரங்களினுடையதை விட அதிகம்’ என்ற வாக்கியத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. இங்கே பெயரைத் திரும்பச் சொல்வதே நல்லது: ‘மற்ற நகரங்களின் மக்கள்தொகையை விட’. சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். அதனினும் நல்லது, உடைமையை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்வது: ‘மற்ற நகரங்களில் இருப்பதை விட இந்நகரில் மக்கள் அதிகம்.’

இனி ‘மற்ற’ என்னும் சொல்லைப் பற்றி. ‘தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள எல்லா ஊர்களை விடவும் தஞ்சாவூர் பெரியது’ என்று எழுதுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை 2 லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம். கும்பகோணத்தின் மக்கள்தொகை 1 லட்சத்து 40 ஆயிரத்துச் சொச்சம். ஆக, சொல்ல வந்தது சரி. ஆனால் எல்லா ஊர்களிலும் தஞ்சாவூரும் ஒன்றல்லவா? தஞ்சாவூர் தஞ்சாவூரை விடப் பெரியதாக இருக்க முடியாது. ‘விட’ என்றால் விட்டுவிடுவது. தன்னைத் தானே எப்படி விட்டுவிடும்? ‘மற்ற எல்லா ஊர்களை விடவும்’ என்றால் கணக்கு நேராகிவிடும். இதன் மறுதலையும் உண்டு. ‘சென்னை மற்றக் கேரள நகரங்களை விடப் பெரியது’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சென்னை எப்போது கேரளத்துக்குப் போயிற்று?

இதே இடத்தில் ஏழாம் வேற்றுமை வேறு விதமாக நடந்துகொள்வதைக் காணலாம். ‘மாவட்டத்து ஊர்களுள் தஞ்சாவூர் பெரியது’ என்றால் ‘மற்ற’ தேவையில்லை, சேர்த்தால்தான் பிழை. ஏனெனில் ‘உள்’ என்பது கூட்டத்துக்குள்ளிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்பது. பொறுக்கப்படுவது உள்ளே இருந்தாக வேண்டும். ‘விட’ என்பது வெளியே நிற்பதைக் காட்டுவது. ஒப்பிடப்படுவது வெளியே இருந்தாக வேண்டும். மாணவர்கள் இந்த இரண்டையும் கலந்து ‘மற்ற ஊர்களுள் பெரியது’ என்று எழுதும்போது, பொறுக்க வேண்டியதை முதலிலேயே கூடையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள்.

நண்பரின் எதிர்வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது இது: “தமிழ் தொகுத்துப் பேசும் மொழி ஐயா. உருபு தொகும், வினை தொகும், உவமை தொகும். ‘நாகையை விட’ என்றால் நாகையின் விளைச்சலை விட என்று கொள்வது ஆகுபெயர். ஊர் சிரித்தது என்கிறோம், ஊரா சிரித்தது? அதை ஏற்கிற நீர் இதை ஏன் தண்டிக்கிறீர்?”

பாதி வாதம் எனக்கு உடன்பாடு. பேச்சுத் தமிழ் இந்த இடத்தில் எவ்வளவு இலாகவமாக நடக்கிறது என்பதை நானே கேட்டு வளர்ந்தவன். எங்கள் பெரியப்பா திருவையாற்றுப் பக்கத்தில் விவசாயம் செய்தவர். “அங்க விட இங்க தண்ணி சுருக்க வந்துடும்” என்பார். இலக்கணப்படி ‘விட’ கேட்கும் ‘ஐ’ அங்கே இல்லை. ஆனால் அங்க, இங்க என்று இரு தட்டும் ஒரே வேற்றுமையில் சமமாக நிற்கின்றன. “போன வருஷத்துக்கு இந்த வருஷம் தேவலை” என்பார். ஆண்டுக்கு ஆண்டு. பேச்சு தன்னையறியாமல் தட்டுகளைச் சமன் செய்துகொள்கிறது. கோணல் பெரும்பாலும் எழுத்தில்தான் வருகிறது. அதிலும் ‘இன்னதன் இன்னது’ என்று பெயர்களை அடுக்கும் எழுத்தில்.

மறுபாதியை ஏற்க முடியவில்லை. தொகைநிலைகளைப் பற்றிப் பேசும் நன்னூலே, ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கக்கூடும் என்று எச்சரித்து வைத்திருக்கிறது. தொகுப்பது உரிமை, விரிக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் வருமானால் அது மயக்கம். ஆகவே நான் எனக்கென்று வைத்துக்கொண்டுள்ள அளவுகோல் இதுதான். விடுபட்டதை நிரப்பிப் பாருங்கள். ஒரே ஒரு சொல்தான் நிரம்புமானால் வாக்கியத்தை அப்படியே விட்டுவிடலாம். கங்கைகொண்ட சோழபுரம் அந்த வகை. இரண்டு சொற்கள் நிரம்பி, இரண்டும் வெவ்வேறு உண்மைகளைத் தருமானால் திருத்தியே ஆக வேண்டும். திருவரங்கம் அந்த வகை. இரண்டாம் வகைத் தாள்களின் ஓரத்தில் நான் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, ‘எதை?’ என்று மட்டும் எழுதுவேன்.

எங்கள் வட்டாரத்துக்குரிய ஒரு வாக்கியத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ‘குறுவையின் விளைச்சல் சம்பாவை விட அதிகம்.’ ஒரு மாணவி எழுதியது. உழவர் வீட்டுப் பெண். விடுபட்டதை நிரப்புவோம்: ‘சம்பாவின் விளைச்சலை விட’. இலக்கணம் நிறைவுற்றது. ஆனால் ‘விளைச்சல்’ என்று இரண்டாவது முறை எழுதியதும் ஒரு கேள்வி எழுகிறது. எந்த விளைச்சல்? ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்னும் விளைச்சலா, டெல்டா முழுவதிலும் களத்துக்கு வந்த மொத்த நெல்லா? குறுவை ஏறத்தாழ 110 நாளில் கோடை வெயிலைக் குடித்து முடியும் பயிர். ஏக்கர்க் கணக்கில் அது சம்பாவை முந்துவது உண்டு. ஆனால் சம்பா பயிராகும் பரப்பு பெரிது. மொத்தக் கணக்கில் குறுவை அதனருகே நிற்காது. அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டேன்.

“எந்த விளைச்சலம்மா?”

“மாவுக்கு எத்தன மூட்டன்னுதான் ஐயா எங்க வீட்ல பேசுவாங்க.”

அவளுக்குத் தெரிந்திருந்தது. வாக்கியத்துக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. ‘ஒரு மாவில் குறுவை தரும் நெல் சம்பா தருவதை விட அதிகம்’ என்று திருத்தி எழுதினாள். இதில் ‘தரும்’, ‘தருவதை’ என்று இரு தட்டிலும் ஒரே வினை நிற்கிறது. அளவும் முன்னால் வந்துவிட்டது. நான் சொல்லிக் கொடுத்ததை விட நன்றாகவே திருத்தியிருந்தாள்.

காலத்தை ஒப்பிடும்போது மயக்கம் இன்னும் ஆழமாகிறது. ‘தஞ்சை மாவட்டத்தின் நெற்பரப்பு 1990ஐ விடக் குறைந்துவிட்டது’ என்றொரு வாக்கியம் கட்டுரைகளில் உலவுகிறது. பரப்பை ஆண்டோடு ஒப்பிட்டது முதல் கோணல். ‘1990இல் இருந்ததை விட’ என்று நேராக்கலாம். அப்படி நேராக்கியவுடனேயே அடுத்த கேள்வி கண்ணுக்குத் தெரிகிறது: 1990இல் எது இருந்தது? அன்றிருந்த தஞ்சாவூர் மாவட்டம் கடல்வரை நீண்டது. 1991இல் நாகப்பட்டினம் அதிலிருந்து பிரிந்தது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமாயிற்று. பின்னர் 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்தது. ஒரே பெயர்தான், நிலம் வேறு. பழைய மாவட்டத்தின் பரப்போடு இன்றைய மாவட்டத்தின் பரப்பை வைத்து, உழவு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுவது, அண்ணன் தம்பி பாகம் பிரித்த பிறகு அண்ணன் ஏழையாகிவிட்டான் என்பதுபோல். நிலம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அதை அறிய அன்றைய எல்லைக்குட்பட்ட இன்றைய மாவட்டங்கள் அனைத்தின் பரப்பையும் கூட்டி வைத்து ஒப்பிட வேண்டும். ‘1990ஐ விட’ என்ற குறுக்கம் அந்த வேலையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

மேட்டூர்ச் செய்திகளிலும் இதே கதை. ‘அணையின் நீர்மட்டம் சென்ற ஆண்டை விட 10 அடி அதிகம்’ என்று எழுதினால், சென்ற ஆண்டில் எந்த நாள்? அணையின் முழு மட்டமான 120 அடிக்கும் அடிமட்டத்துக்கும் இடையே ஓராண்டுக்குள் நீர் ஏறியிறங்கும். ‘சென்ற ஆண்டு இதே நாளில் இருந்ததை விட’ என்று எழுதினால் ஐயம் இல்லை. குறுவைக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12ஐ எதிர்பார்த்து நாற்றங்கால் விடலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு அந்த ‘இதே நாளில்’ வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் கனமான ஒப்பீடு எங்கள் ஆற்றைப் பற்றியது. ‘காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு கர்நாடகத்தை விட அதிகம்’ என்பதை இரு மாநிலத்தவரும் எழுதியிருக்கிறார்கள், வெவ்வேறு தொனியில். நிரப்பிப் பார்ப்போம். ‘கர்நாடகத்தின் பங்கை விட’ என்று கொண்டால், 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அது சரிதான். தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. 2007இல் நடுவர் மன்றம் 419 என்றும் 270 என்றும் வகுத்ததைத் திருத்திய எண்கள் இவை. ஆனால் கேட்பவர் இதைக் ‘கர்நாடகம் தனக்கு வைத்துக்கொள்வதை விட அதிகமாகத் தமிழ்நாட்டுக்குத் தருகிறது’ என்று நிரப்பிக்கொண்டால் அது முற்றிலும் பொய். கர்நாடகம் பிலிகுண்டுலுவில் அளந்துவிட வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. மட்டுமே. 404.25 என்பது தமிழ்நாட்டு எல்லைக்குள் பெய்து காவிரியிலும் அதன் கிளைகளிலும் சேரும் நீரையும் கூட்டிய கணக்கு. ‘பங்கு’ ஒன்று, ‘வரத்து’ மற்றொன்று. ‘கர்நாடகத்தை விட’ என்று மாநிலத்தின் பெயரை மட்டும் நிறுத்திவிட்டால், படிப்பவர் தமக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்வார். பிறகு இருவரும் ஒரே வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு உண்மைகளுக்காகச் சண்டையிடுவார்கள்.

இந்த எண்களைச் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அது கணக்கின் குறை, இலக்கணத்தின் குறையல்ல” என்றார். இருக்கலாம். ஆனால் ‘தமிழ்நாட்டுக்கு வகுக்கப்பட்டது கர்நாடகத்துக்கு வகுக்கப்பட்டதை விட அதிகம்’ என்று எழுதிப் பார்த்தால், நான்காம் வேற்றுமை இரண்டு தட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘வகுக்கப்பட்டது’ என்ற வினை, இது தீர்ப்பு வகுத்த கணக்கேயன்றி ஆற்றில் வந்த நீரன்று என்பதையும் சொல்லிவிடுகிறது. வறட்சி ஆண்டுகளில் வகுக்கப்பட்டதும் வந்ததும் ஒன்றாக இருப்பதில்லை என்பது வாய்க்கால் கரையில் நிற்பவருக்குத் தெரியும். வாக்கியம் சற்று நீண்டுவிட்டது, உண்மைதான். நண்பர் அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, ‘வகுக்கப்பட்டதை’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்தார். “இரண்டாவதை ‘கர்நாடகத்துக்கானதை விட’ என்று சுருக்கலாமே” என்றார். சுருக்கலாம், உருபும் இருக்கிறது, மயக்கமும் இல்லை. அந்த அளவில் வழக்கை அன்றைக்கு ஒத்திவைத்தோம்.